40 நிமிட வீடியோ 200 எம்பிக்குள் அடங்க: எக்ஸ்போர்ட்டில் செய்யக்கூடாதவை

ஒரு உரையையோ வகுப்பையோ போனில் 1080p-யில் பதிவு செய்கிறோம். வினாடிக்கு சுமார் 17 மெகாபிட் வீதம் 40 நிமிடம் ஓடினால் கோப்பு 5 ஜிபியைத் தாண்டிவிடும். மெசேஜ் ஆப்பில் அனுப்ப அதை 200 எம்பிக்குள் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஆப்பின் வரம்பு வேறாக இருந்தால் கணக்கில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

பெரும்பாலானவர்கள் முதலில் ரெசல்யூஷனைத்தான் குறைக்கிறார்கள். 1080p-ஐ 720p ஆக்கி எக்ஸ்போர்ட் செய்தால், சில சமயம் கோப்பு கொஞ்சம்கூடச் சிறிதாகியிருக்காது. காரணம் எளிது. கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட்டும் நீளமும்தான். எடிட்டரில் பிட்ரேட் 10 மெகாபிட் என்று நிலையாக இருந்தால், படம் எத்தனை பிக்சலாக இருந்தாலும் அது வினாடிக்கு ஏறக்குறைய 10 மெகாபிட்டை எழுதிக்கொண்டே போகும்.

அதனால் கணக்கை அளவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 200 எம்பி என்பது 1600 மெகாபிட். 40 நிமிடம் 2400 வினாடி. வகுத்தால் வினாடிக்கு சுமார் 667 கிலோபிட் வரும். படம், ஒலி இரண்டுக்கும் சேர்த்து நம் கையில் இருப்பது இவ்வளவுதான். கடைசி சொட்டு வரை செலவழிக்காமல் 625 அளவில் நிறுத்திக்கொண்டால் கோப்பு சுமார் 187 எம்பி வரும், வரம்பை முட்டாது.

இங்கே பலரும் மறப்பது ஒலியை. பல எடிட்டர்களில் ஆடியோ 320 கிலோபிட் வரை வைக்கலாம். சில நிமிட வீடியோவில் அது பிடிக்கும் இடத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் 2400 வினாடிக்கு அது மட்டுமே 96 எம்பி. நம்மிடம் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி! ஒருவர் பேசுவது மட்டும்தான் ஒலி என்றால் மோனோ, AAC, 64 கிலோபிட் தாராளம். 19 எம்பியோடு முடிந்துவிடும். இசை நிகழ்ச்சி என்றால் மட்டும் ஸ்டீரியோவில் 128 வரை கொடுங்கள், அதைப் படத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, படத்துக்கு மிச்சம் 560 கிலோபிட். இப்போது எதிர்த்திசையில் ஒரு தவறு நடக்கும்: பிட்ரேட்டைக் குறைத்துவிட்டு 1080p-யை விட மனம் வராமல் அப்படியே வைப்பது. இவ்வளவு குறைந்த பிட்ரேட்டில், வழக்கமாக வீடியோவைச் சுருக்கும் H.264 முறை அத்தனை பிக்சலையும் சமாளிக்காது. ஆள் அசையும்போது முகம் கட்டம் கட்டமாக உடையும், பின்னாலுள்ள சுவர் திட்டுத் திட்டாக நகரும். 480p-க்கு இறங்கினால் அதே 560 கிலோபிட்டில் படம் சற்று மென்மையாக இருக்கும், ஆனால் உடையாது. போன் திரையில் பார்ப்பவருக்கு இதுதான் மேல். வினாடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்திருந்தால் 30-க்குக் குறையுங்கள். பேச்சுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. திரையில் சின்ன எழுத்துகள் இருந்தால் மட்டும் 480p கைகொடுக்காது. அப்போது 720p-யில் வைத்து, வீடியோவை இரண்டு பாகமாக வெட்டி, பாகத்துக்கு 200 எம்பி என்று அனுப்புவதே என் தேர்வு.

முழுதாக எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் இதே அமைப்பில் எடுத்துப் பாருங்கள். அது தாங்கினால் மற்றது தானாகத் தாங்கும்.

அடுத்தது, HandBrake போன்ற மென்பொருளில் Constant Quality-யை அப்படியே விட்டுவிடுவது. அது நல்ல முறைதான், ஆனால் தரத்தைத்தான் உறுதி செய்யும், அளவை அல்ல. அமைதியான வகுப்பு 150 எம்பி வரலாம், கூட்டம் அசையும் விழா அதே எண்ணில் 600-ஐத் தாண்டலாம். அளவு முக்கியம் என்றால் Avg Bitrate-ஐத் தேர்ந்து 560 என்று எழுதி, Multi-Pass Encoding-ஐயும் டிக் செய்யுங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் பிட்களை அதற்கேற்பப் பங்கிடும். நேரம் அதிகம் பிடிக்கும்.

H.265-க்கு மாறினால் இதே அளவில் படம் இன்னும் தெளிவாக வரும் என்பது உண்மை. ஆனால் பெறுபவரின் போன் பழையதாக இருந்தால் ஒலி மட்டும் கேட்டு, படம் கறுப்பாக நிற்கலாம். பெரிய குழுவுக்கு அனுப்புவதென்றால் H.264, எம்பி4 என்றே வைப்பேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, கோப்பை கேலரியிலிருந்து சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள். பல ஆப்கள் அதை மறுபடியும் தாமாகவே சுருக்கும். ஏற்கெனவே இறுக்கிய படம் இரண்டாவது முறை நசுங்கும். டாக்குமென்டாக இணைத்தால் கோப்பு அப்படியே போகும். போய்ச் சேர்ந்த கோப்பின் அளவு 187 எம்பியாகவே இருக்கிறதா என்று மறுமுனையில் ஒருவரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.