ரிவ்யூ எழுதியவர் அந்த இன்வெர்ட்டரை நிஜமாகவே ஓட்டிப் பார்த்தாரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா போன மாதம் போன் செய்தார். டர்பனில் இப்போது லோட் ஷெட்டிங் தொல்லை குறைந்துவிட்டாலும், அவர் தெருவில் கேபிள் பழுதென்று கரண்ட் போவது நிற்கவில்லை. "சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் பெட்டி ஒன்று பார்த்தேன், நிறைய ஐந்து நட்சத்திரம் இருக்கு, வாங்கலாமாப்பா?" என்றார். வாங்காதீங்க என்று சொல்லவில்லை. ரிவ்யூக்களைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று எப்படிப் படித்தேனோ, அதையே படிப்படியாக எழுதுகிறேன். பொருளின் பெயர் வேண்டாம்.

முதலில் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் லித்தியம் பேட்டரி, 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். இரண்டையும் பெருக்கினால் 1280 வாட் ஹவர். அதாவது 128 வாட் இழுக்கும் சாமான்களை ஏறத்தாழ 10 மணி நேரம் ஓட்டும் சேமிப்பு. இன்வெர்ட்டருக்கே கொஞ்சம் செலவாகும் என்பதால் நிஜத்தில் அதைவிடக் குறையும். இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் 800 வாட் வரை தாங்கும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும்.

படி 1: பெட்டியில் இருப்பதை அடித்துவிடுங்கள்

ஒரு ரிவ்யூ இப்படி இருந்தது: "12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர், 6000 சார்ஜ் வரை உழைக்கும், சூப்பர்." எண்கள் நிறைய இருப்பதால் விவரமான ரிவ்யூ போலத் தெரியும். ஆனால் இவ்வளவும் அட்டையில் அச்சிட்டதுதான். அதிலும் அந்த 6000-ஐப் பாருங்கள். தினம் ஒரு முறை பேட்டரியைத் தீர்த்து நிரப்பினாலும் 6000 முறைக்கு 16 வருடம் ஆகும். எழுதியவர் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அவரால் தெரிந்துகொள்ளவே முடியாத ஒன்றை, பார்த்தவர் மாதிரி சொல்கிறார். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் நமக்குச் சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் இன்னொருவர்: "கரண்ட் போனதும் ஒரு கூவல். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்துவிட்டது." இதில் இருப்பது ஒரே ஒரு எண், அதுவும் கடிகார நேரம். ஆனாலும் இது பெட்டியில் இல்லாத விவரம். வீட்டில் வைத்திருந்தவருக்குத்தான் தெரியும்.

படி 2: மீதி இருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் பெட்டியில் இல்லாத விவரத்தையும் கற்பனையாக எழுத முடியும். கற்பனை பெரும்பாலும் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

ஒருவர் எழுதியிருந்தார்: "ரவுட்டர், நாலு பல்ப், டிவி. இரண்டு மணி நேரம் ஓட்டினேன், திரையில் 100 சதவீதம் 76-க்கு வந்தது." சரி பார்ப்போம். ரவுட்டருக்கு 10 வாட், 9 வாட் எல்இடி பல்ப் நாலுக்கு 36, ஒரு நடுத்தர டிவிக்கு 75 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 121. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 150 வாட் பக்கம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு 300 வாட் ஹவர். அது 1280-இல் கிட்டத்தட்ட 24 சதவீதம். அவர் சொன்னதும் அதே 24. திரையின் சதவீதம் அவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆகவே 70 என்றோ 80 என்றோ எழுதியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். 95 என்றால் சந்தேகப்பட்டிருப்பேன்.

இப்போது இதைப் படியுங்கள்: "பிரிட்ஜ், மைக்ரோவேவ், டிவி எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் ஓடியது, 40 சதவீதம் மிச்சம்." சாமான் பெயர், நேரம், சதவீதம் என்று முன்னவர் சொன்ன அத்தனையும் இதிலும் உண்டு. ஆனால் சாதாரண மைக்ரோவேவ் ஓடும்போது 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 800 வாட் இன்வெர்ட்டர் அதை எடுக்காது, அலறிவிட்டு நின்றுவிடும். விவரம் இருக்கிறது, அனுபவம் இல்லை.

தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். 2024 மார்ச் கடைசியில் நின்ற லோட் ஷெட்டிங், அந்த வருடம் முடியும் வரை திரும்ப வரவில்லை. 2024 செப்டம்பரில் வாங்கிய ஒருவர், "தினமும் லோட் ஷெட்டிங்கில் சோதித்தேன்" என்று அக்டோபரில் எழுதியிருந்தார். எந்த ஊரில் சோதித்தார் என்று தெரியவில்லை.

படி 3: எதோடு ஒப்பிடுகிறார்?

"மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் சிறந்தது" என்பதை ஒப்பீடு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. மற்றது எது என்று பெயர் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த ரிவ்யூவை எழுதியவர் முன்பு ஜெல் பேட்டரி என்ற ஈய-அமில வகை வைத்திருந்தவர். ஜெல்லை பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறைகிறது, ஆனால் லித்தியத்தைவிட விலை குறைவு என்றார். அது பலருக்கும் தெரியும். அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம்: 2023-இல் லோட் ஷெட்டிங் கடுமையாகி ஸ்டேஜ் 6 வரை போனபோது ஒரே நாளில் மூன்று தடவை கரண்ட் போகும். ஜெல் பேட்டரி நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆவதால், அடுத்த கட் வருவதற்குள் நிரம்பவே இல்லை. மூன்றாவது முறை கரண்ட் போனபோது டிவி நடுவில் அணைந்தது. லித்தியம் வேகமாக நிரம்பியதால் அந்தப் பிரச்சினை போனது. ஏன் மாறினார் என்ற காரணம் இப்போது நமக்குப் புரிகிறது. வாரத்துக்கு ஒரு முறை கரண்ட் போகும் வீட்டில் அந்தக் காரணமே கிடையாது, ஜெல்லே போதும் என்பதும் புரிகிறது. அவரே கடைசியில், "வைஃபை மட்டும் வேண்டுமென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி யூபிஎஸ் வாங்குங்கள், இது தண்டம்" என்று எழுதியிருந்தார். யாரெல்லாம் வாங்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்பவரை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

இதிலும் ஏமாற்று உண்டு. மூன்று வருடம் உழைத்துச் சோர்ந்த ஜெல்லை, நேற்று வந்த லித்தியத்தோடு ஒப்பிட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இவரும் அதைத்தான் செய்கிறாரோ என்று பார்த்தேன். ஜெல் வாங்கி ஆறு மாதத்திலேயே நடந்தது என்று எழுதியிருந்தார். இன்னொரு வகை, ஐந்து மாடல்களை வரிசையாக ஒப்பிட்டு எப்போதும் ஒரே கம்பெனியை முதலில் வைப்பது. அவர்கள் பட்டியலில் இரண்டாவது மாடலின் குறையை மட்டும் தேடிப் படியுங்கள். "கொஞ்சம் விலை அதிகம்" என்பதைத் தாண்டி ஒன்றும் இல்லையென்றால் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

படி 4: ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள்

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்றுதான் பதில் வரும். பெரியம்மாவுக்குத் தூக்கம் லேசு. அதனால் கூவலைப் பற்றி எழுதியவரிடம், அந்தச் சத்தத்தை நிறுத்த வழி உண்டா என்று மட்டும் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. பின்பக்கப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் நிற்கிறதாம். ஆனால் பெட்டியை அணைத்துப் போட்டால் மறந்துவிட்டு மறுபடி கூவுகிறதாம், அதனால் அவர் ஸ்பீக்கர் ஓட்டையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாராம்.

பெரியம்மாவிடம் டேப் இருக்கிறதா என்று கேட்டேன்.