மாதச் சராசரி இருப்பு: பாஸ்புக்கை வைத்து நாமே கணக்கிடுவது எப்படி

கணக்கில் எந்த நாளும் பணம் இல்லாமல் போகவில்லை, மாத நடுவில் பத்தாயிரத்துக்கு மேலும் கிடந்தது, ஆனாலும் ‘மினிமம் பேலன்ஸ் இல்லை’ என்று வங்கி பணம் பிடித்துவிட்டது. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. வங்கி பார்ப்பது ஏதோ ஒரு நாளின் இருப்பை அல்ல. பல வங்கிகளில் அது மாதச் சராசரி இருப்பு. எந்தத் தொகை எத்தனை நாள் கணக்கில் இருந்தது என்பதை எடையாக வைத்துப் போடும் சராசரி அது. பேனாவும் பாஸ்புக்கும் இருந்தால் போதும், நாமே போட்டுப் பார்க்கலாம்.

ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம், 30 நாள். வங்கி கேட்கும் சராசரி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மே 31 இரவு கணக்கில் இருந்தது 3,000. ஜூன் 5 அன்று சம்பளம் 24,000 வந்தது. 7ஆம் தேதி வாடகைக்கும் மளிகைக்கும் 15,000 போனது. 16ஆம் தேதி பள்ளிக் கட்டணம் 6,000. 24ஆம் தேதி சில்லறைச் செலவுகளுக்கு 3,500.

முதல் படி: ஒவ்வொரு நாளின் கடைசி இருப்பை எழுதுங்கள்

கணக்கில் சேர்வது நாள் முடிவில் நிற்கும் இருப்பு மட்டுமே. காலையில் 20,000 போட்டு மாலையில் அதையே எடுத்துவிட்டால் அந்த நாளுக்கு எந்தப் பலனும் இல்லை. ஒரே தேதியில் நாலைந்து வரிகள் இருந்தால் கடைசி வரியின் இருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் அப்படிக் கிடைப்பவை ஐந்து: 3,000, 27,000, 12,000, 6,000, 2,500.

இரண்டாம் படி: ஒவ்வொன்றும் எத்தனை நாள் நின்றது?

பெரும்பாலும் கணக்கு தவறுவது இங்கேதான். பணம் வந்த நாளிலேயே புதிய இருப்பு தொடங்கிவிடுகிறது, எடுத்த நாளிலும் அப்படியே. ஆகவே 3,000 நின்றது 1 முதல் 4 வரை, நான்கு நாள். 27,000 நின்றது 5, 6 ஆகிய இரண்டு நாள். 7ஆம் தேதி அதில் சேராது, ஏனென்றால் அன்று இரவு கணக்கில் இருந்தது 12,000. பரிவர்த்தனை நடக்காத ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் கணக்கில் உண்டு. முந்தைய நாள் இருப்பே அவற்றுக்கும் தொடரும்.

| தேதி | நாட்கள் | இருப்பு | பெருக்கினால் |
|---|---|---|---|
| 1–4 | 4 | 3,000 | 12,000 |
| 5–6 | 2 | 27,000 | 54,000 |
| 7–15 | 9 | 12,000 | 1,08,000 |
| 16–23 | 8 | 6,000 | 48,000 |
| 24–30 | 7 | 2,500 | 17,500 |

மேலே போவதற்கு முன் நாட்களைக் கூட்டிப் பாருங்கள். 30 வர வேண்டும். 29 அல்லது 31 வந்தால் ஏதோ ஒரு தேதியை விட்டிருக்கிறீர்கள், இல்லை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: கூட்டி, வகுங்கள்

கடைசிப் பத்தியின் கூட்டுத்தொகை 2,39,500. அதை 30ஆல் வகுத்தால் 7,983 ரூபாய் 33 காசு. இதுதான் ஜூன் மாதச் சராசரி. பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய 2,017 ரூபாய் குறைவு.

இப்போது நாட்களை மறந்துவிட்டு ஐந்து இருப்புகளையும் கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள். 50,500ஐ 5ஆல் வகுத்தால் 10,100. ‘அப்பாடா, தப்பித்தோம்’ என்று தோன்றும்! இரண்டே நாள் இருந்த 27,000க்கும் ஏழு நாள் இருந்த 2,500க்கும் ஒரே மதிப்பு கொடுத்ததால் வந்த பொய்க்கணக்கு அது.

சரிபார்க்க இன்னொரு வழி

இருப்பைத் தொடாமல், வரவு செலவை மட்டும் வைத்தும் இதைப் போடலாம். தொடக்க இருப்பை 30ஆல் பெருக்குங்கள்: 90,000. பிறகு ஒவ்வொரு தொகையையும், அந்த நாளையும் சேர்த்து மாதத்தில் மீதமுள்ள நாட்களால் பெருக்குங்கள். 5ஆம் தேதி வந்த சம்பளத்துக்கு 26 நாள் (30இல் 5ஐக் கழித்தால் 25, வந்த நாளுக்கு ஒன்று கூட்ட வேண்டும்). 24,000 × 26 = 6,24,000, இதைக் கூட்டுங்கள். 15,000 × 24 = 3,60,000, 6,000 × 15 = 90,000, 3,500 × 7 = 24,500, இந்த மூன்றையும் கழியுங்கள். மறுபடி அதே 2,39,500 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்தால் கணக்கு சரி.

கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ போட

A பத்தியில் இருப்பு தொடங்கிய தேதிகளையும் (முதல் வரி கட்டாயம் ஜூன் 1 ஆக இருக்கட்டும்) C பத்தியில் இருப்புகளையும் இரண்டாம் வரிசையிலிருந்து இடுங்கள். B2இல் முதல் சூத்திரத்தைப் போட்டு B5 வரை இழுங்கள். இரண்டாவது B6க்கு. விடையை மூன்றாவது தரும்.

```
=A3-A2
=EOMONTH(A6,0)-A6+1
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(B2:B6)
```

B பத்தியில் எண்ணுக்குப் பதில் தேதி தெரிந்தால், அந்தக் கட்டங்களின் வடிவத்தை எண்ணாக மாற்றினால் போதும்.

மாதம் முடியும் முன்பே பார்த்தால்

கணக்கின் உண்மையான பயன் இதில்தான். 10,000 சராசரி வேண்டுமென்றால் மாதத்துக்கு மொத்தம் 3,00,000 சேர வேண்டும் (10,000 × 30). ஜூன் 15 இரவு வரை சேர்ந்தது 1,74,000. மீதி 1,26,000ஐ இருக்கும் 15 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 8,400. அதாவது பள்ளிக் கட்டணத்தில் 3,600ஐ மட்டும் இந்தக் கணக்கிலிருந்து கொடுத்து, 8,400ஐ மாதக் கடைசி வரை தொடாமல் விட்டிருந்தால் போதும்.

தாமதித்தால் விலை ஏறுகிறது. உதாரணத்தில் மொத்தப் பற்றாக்குறை 60,500. அதை 24ஆம் தேதி சரிசெய்ய நினைத்தால் 7 நாள் இருக்கிறது, 8,643 ரூபாய் போட்டு வைத்தால் சரி. 29ஆம் தேதி என்றால் இரண்டே நாள், 30,250 வேண்டும். 30ஆம் தேதி விழித்துக்கொண்டால் முழு 60,500ஐயும் அன்று இரவு கணக்கில் காட்ட வேண்டும். காசோலை போடுவதாக இருந்தால், அது பணமாகி வரவு வைக்கப்படும் நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும்.

அபராதம் பற்றி

ரிசர்வ் வங்கியின் விதி 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது: அபராதம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும், முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும், அபராதம் பிடித்ததால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. பிடிக்கும் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. தனி.

எல்லாருக்கும் இந்தக் கவலை இல்லை. ஜன் தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனையை நீக்கியது. சில வங்கிகள் மாதத்துக்குப் பதில் காலாண்டுச் சராசரியைப் பார்க்கின்றன. அப்போது வழிமுறை இதேதான். 30க்குப் பதில் மூன்று மாத நாட்களையும் சேர்த்து 90, 91, 92 என்று எது வருகிறதோ அதனால் வகுக்க வேண்டும். உங்கள் கணக்கு எந்த வகை, எவ்வளவு சராசரி என்பது வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்கும். கணக்கு போட உட்காருவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.