இந்த டாம் எந்தக் காலத்து டாம்?

கோத்தகிரியில் ஒரு மழலையர் பள்ளிச் சுவரில் டாமும் ஜெர்ரியும் வரைந்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்திலேயே பாசி ஏறிப் பாதி போய்விட்டது. திரும்ப வரைய வந்த பெயிண்டர் அண்ணன் போனில் நான்கு படங்களை இறக்கி வைத்திருந்தார். "எல்லாம் ஒரே பூனைதானுங்களே தம்பி, எதப் பாத்துப் போட்டா என்ன?" என்றார்.

ஒரே பூனைதான், ஆனால் ஒரே முகம் இல்லை. 1940-இல் வரத் தொடங்கிய கார்ட்டூன் இது. கை மாற மாற முகமும் மாறியது. ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் ஒட்டினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பிள்ளைகள் 'இது டாம் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் வேலையாக, நிறத்தை மறந்துவிடுங்கள். பழைய பிலிம் மங்கியிருக்கும், டிவிக்காகத் திரும்பக் கழுவியிருப்பார்கள், போனில் ஃபில்டர் வேறு. ஒரே காட்சி ஒரு இடத்தில் நீலச் சாம்பலாகவும் இன்னொரு இடத்தில் வெறும் சாம்பலாகவும் கிடைக்கும். நிறம் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது.

அடுத்து, ஜெர்ரியை விட்டுவிட்டு டாமைப் பாருங்கள். இவர்களை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் எடுத்த 1940 முதல் 1958 வரையிலான படங்களில் ஜெர்ரி பெரிதாக மாறவே இல்லை. டாம்தான் மாறினான்.

டாமின் முகத்தில் முதலில் பார்க்க வேண்டியது புருவமும் கன்னமும். அண்ணன் வைத்திருந்த முதல் படத்தில் உடம்பெல்லாம் முடி சிலிர்த்து நின்றது, முகத்தில் சுருக்கங்கள், புருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள், நான்கு காலில் நடை. அசல் பூனை மாதிரியே இருந்தால் அது 1940-களின் தொடக்கம். 1940-இல் வந்த முதல் கார்ட்டூனில் அவன் பெயரே டாம் இல்லை, ஜாஸ்பர். ஒவ்வொரு பிரேமிலும் அத்தனை முடியை வரைவது பெரிய வேலை. அதனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோடுகளைக் குறைத்து வழவழப்பாக்கி, இரண்டு காலில் நிமிர்த்திவிட்டார்கள். நம் மனதில் இருக்கும் டாம் அவன்தான்.

இரண்டாவது படத்தில் புருவம் தடிமன், காது கூர்மை, கன்னத்தில் புசுபுசுவென்று முடி, வால் நீளம். பக்கத்தில் நிற்கும் ஜெர்ரிக்கும் கண்ணும் காதும் பெரிது. இது இயக்குநர் சக் ஜோன்ஸின் கை, 1963 முதல் 1967 வரை. எனக்குப் பிடித்த முகம் இது இல்லை, ஆனால் கண்டுபிடிக்க இதுதான் மிகச் சுலபம். அதற்கு முன், 1961-62-இல் ஜீன் டைச் என்ற இயக்குநர் பிராக் நகரில் எடுத்த 13 படங்களுக்கு, வெறிச்சென்ற பின்னணியும் தடித்த வழுக்கைத்தலை முதலாளியும் அடையாளம்.

மூன்றாவது படத்தில் டாம் குட்டிப் பூனை, தலையில் சிவப்புத் தொப்பி. அது 1990-இல் வந்த சிறுவர் தொடர். ஜெர்ரி கழுத்தில் சிவப்பு 'போ டை' இருந்தால் 1975 தொடர். இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம்.

குழப்பியது நான்காவது படம்தான்: ஜெர்ரியும் ஒரு மரங்கொத்திக் குஞ்சும். அந்தக் கதை இரண்டு முறை வந்திருக்கிறது. 1949-இல் 'ஹேச் அப் யுவர் டிரபிள்ஸ்', 1956-இல் அதையே சினிமாஸ்கோப்புக்காகத் திரும்ப எடுத்த 'தி எக் அண்ட் ஜெர்ரி'. அசைவுகள் அதே அசைவுகள். முகத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

படம் அகலமாக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. டிவிக்காகச் சினிமாஸ்கோப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டுவார்கள். எனவே சதுரமாக இருந்தாலே 1949 என்று நினைக்காதீர்கள். அதற்குப் பதில் ஜெர்ரியின் காது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உருவத்தைச் சுற்றியுள்ள கோடு மெல்லியதாக இருந்து, பின்னணியில் தூரிகையின் நிழலும் வெளிச்சமும் தெரிந்தால் பழையது. கோடு தடித்து, பின்னணி நுணுக்கம் குறைந்து தட்டையாக இருந்தால் 1956. இரண்டும் சேர்ந்து ஒத்துப் போக வேண்டும். மங்கலான படத்தில் மெல்லிய கோடும் தடித்தது போலத் தெரியும். அண்ணன் வைத்திருந்ததில் கோடும் தடிமன், பின்னணியும் தட்டை. 1956-தான்.

பை, டிபன் பாக்ஸ் மேல் வரும் படங்களுக்கு இந்த வழி ஓரளவுதான் உதவும். அவை எந்தப் படத்தின் பிரேமும் இல்லை, விற்பனைக்கென்று பழைய சாயலில் பிறகு வரைந்தவை.

எல்லாவற்றையும் கேட்ட அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். "ஈரச் செவுத்துல மெல்லிசுக் கோடு நிக்காதுங்க தம்பி. அந்த அம்பத்தாறையே போட்டுர்றேன்."