கொப்பரை விலையும் மான்ட்டி கார்லோவும்: திட்ட மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய ஆலைக்கான திட்ட அறிக்கைகளில் இப்போது மான்ட்டி கார்லோ வரைபடம் ஒன்று தவறாமல் இடம்பெறுகிறது. விற்பனை அளவும் மூலப்பொருள் விலையும் எப்படி மாறும் என்று தெரியாததால், கணினி சமவாய்ப்பு எண்களை எடுத்துப் பத்தாயிரம் முறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது வருங்கால வரவுகளின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவது, கிடைக்கிறது. கடைசியில் மணி வடிவ வரைபடமும், "நட்டத்துக்கான வாய்ப்பு இவ்வளவு சதவீதம்" என்ற ஒற்றை வரியும் வந்து நிற்கின்றன. அந்த வரியை நம்பிக் கோடிகளில் பணம் இறங்குகிறது. ஆனால் அந்தச் சதவீதத்தைத் தீர்மானிப்பது பத்தாயிரம் ஓட்டங்கள் அல்ல. ஓட்டத்துக்கு முன்பு, எந்த எண் எதைச் சார்ந்து மாறும் என்று நாம் எழுதிவைக்கும் நாலைந்து சூத்திரங்களே அதைத் தீர்மானிக்கின்றன. தவறுகள் நுழைவதும் அங்கேதான்.

காங்கேயம் பகுதியில் ஒருவர் தேங்காய் எண்ணெய் ஆலை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கட்டடம், எந்திரம், தொடக்கக் கொப்பரை இருப்பு எல்லாம் சேர்த்து முதலீடு 3.5 கோடி ரூபாய். ஆண்டுக்கு 1,000 டன் எண்ணெய் விற்பனை. ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 1.6 கிலோ கொப்பரை வேண்டும். கொப்பரை கிலோ 125 ரூபாய் என்றால் மூலப்பொருள் செலவு 200 ரூபாய். எண்ணெயும் புண்ணாக்கும் விற்று வருவது 221 ரூபாய். மின்சாரம், கூலி போன்ற அரைவைச் செலவு 6 ரூபாய். ஆக, கிலோவுக்கு 15 ரூபாய் மிஞ்சும். ஆண்டுக்கு 1.5 கோடி. நிலைச் செலவு 40 லட்சம் போக, கைக்கு வருவது 1.1 கோடி. ஐந்து ஆண்டுகள், 12% தள்ளுபடி வீதம் என்று கணக்கிட்டால் நிகர நிகழ்கால மதிப்பு சுமார் 46.5 லட்சம். வரியையும் ஐந்தாம் ஆண்டு முடிவில் மிஞ்சும் சொத்து மதிப்பையும் எளிமைக்காக விட்டுவிட்டேன்.

முதல் தவறு, கொப்பரை விலையை மட்டும் ஆட்டிவிட்டு எண்ணெய் விலையை அசையாமல் நிறுத்திவைப்பது. "மூலப்பொருள் செலவு நிச்சயமற்றது" என்ற எண்ணமே முன்னிற்பதால் பலரும் அதை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். கொப்பரை விலைக்கு 10% திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, கொடுத்தால் கிலோ எண்ணெய்க்கு 20 ரூபாய் ஏறி இறங்கும். மிச்சமே 15 ரூபாய்தான். ஒரு சாதாரண விலையேற்றத்திலேயே ஆலை கோடிக்கணக்கில் நட்டப்படுவதாக விடை வரும். சந்தையில் அப்படி நடப்பதில்லை. கொப்பரை ஏறினால் எண்ணெயும் ஏறுகிறது, புண்ணாக்கும் ஓரளவு நகர்கிறது. ஆலைக்காரரை உண்மையில் வாட்டுவது கொப்பரை விலை அல்ல, இரண்டுக்கும் நடுவே உள்ள அரைவை மிச்சம் சுருங்குவதுதான். அதனால் மிச்சத்தையே நேரடியாக ஒரு மாறியாக வைப்பது நல்லது. உங்கள் பகுதி ஆலைகளின் பழைய கொள்முதல், விற்பனை ரசீதுகளிலிருந்து மாதவாரியாக மிச்சத்தைக் கணக்கிட்டு, அவற்றை ஆண்டுச் சராசரிகளாக்கி, அந்தச் சராசரிகளின் திட்ட விலக்கத்தை எடுங்கள். நம் உதாரணத்தில் 15 ரூபாய்க்கு 4 ரூபாய் விலக்கம் என்று வைக்கிறேன்.

அப்படியானால் கொப்பரையின் விலைமட்டத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, இருப்புக் கணக்கில். ஆண்டுக்கு 1,600 டன் அரைக்கும் ஆலையில் 15 நாள் இருப்பு ஏறக்குறைய 66 டன். கொப்பரை 125 ரூபாயிலிருந்து 160-க்குப் போனால், அதே இருப்பை வைத்திருக்கக் கூடுதலாக 23 லட்சம் தேவைப்படும். மிச்சம் குறையாத ஆண்டிலும் கையில் பணம் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது தவறைத்தான் நான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் வரைபடத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கும் ஐந்து தனித்தனி சமவாய்ப்பு எண்களை எடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் விடுவதைச் சொல்கிறேன். எக்செலில் ஒரு கட்டத்தில் எழுதிய சூத்திரத்தை வலப்பக்கம் இழுத்துவிட்டால் தானாகவே இப்படித்தான் அமையும். ஓர் ஆண்டு மோசம், அடுத்த ஆண்டு நன்று என்று அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். கூட்டிப் பார்க்கும்போது ஆபத்து பாதியாகக் கரைந்துவிடும்.

தென்னை அப்படி நடந்துகொள்ளாது. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்றவே ஏறத்தாழ ஓர் ஆண்டாகிறது. பாளைக்கான குருத்து அதற்கும் பல மாதங்கள் முன்பே உருவாகிறது. ஒரு வறட்சியின் தாக்கம் அடுத்தடுத்த பருவங்களிலும் காய்ப்பைக் குறைக்கும். இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் காணப்பட்ட, தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ ஒரு பருவத்தோடு போய்விடவில்லை. காய் குறைந்தால் எல்லா ஆலைகளும் அதே கொப்பரைக்குப் போட்டியிடும், மிச்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஓர் ஆண்டில் முடிவதும் இல்லை.

எண்ணில் பார்க்கலாம். இப்போதைக்கு விற்பனை அளவை 1,000 டன்னிலேயே நிறுத்திவைத்து மிச்சத்தை மட்டும் மாற்றுவோம். ஆண்டுகள் தொடர்பற்றவை என்றால் நிகர நிகழ்கால மதிப்பின் திட்ட விலக்கம் சுமார் 65 லட்சம், நட்டத்துக்கான வாய்ப்பு 24%. ஓர் ஆண்டு மிச்சத்துக்கும் அடுத்த ஆண்டு மிச்சத்துக்கும் 0.7 ஒட்டுறவு இருந்தால் விலக்கம் 1.13 கோடியாகிறது, நட்ட வாய்ப்பு 34% ஆகிறது. மிக மோசமான 5% நிலைகளின் எல்லை 61 லட்ச நட்டத்திலிருந்து 1.4 கோடி நட்டத்துக்கு இறங்குகிறது. சராசரி ஒரு ரூபாய்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டங்களை ஆயிரத்திலிருந்து பத்தாயிரமாக்கினால் அந்தச் சதவீதம் ஒன்றிரண்டு புள்ளிகள் நகரலாம். ஒட்டுறவை மறந்தால் பத்துப் புள்ளிகள் தவறும்.

திருத்துவது கடினமல்ல. முதல் ஆண்டு மிச்சம் C5 கட்டத்திலும் இரண்டாம் ஆண்டு D5 கட்டத்திலும் இருந்தால்:

```
C5: =15+4*NORM.S.INV(RAND())
D5: =15+0.7*(C5-15)+4*SQRT(1-0.7^2)*NORM.S.INV(RAND())
```

D5-ஐ G5 வரை இழுக்கலாம். SQRT பகுதியை விட்டுவிட்டால் பின்வரும் ஆண்டுகளின் விலக்கம் 4 ரூபாயைத் தாண்டி வீங்கும். 0.7 என்பது என் உதாரணத்துக்கான எண், உங்கள் ரசீதுகள் சொல்வதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். போதிய ஆண்டுகளின் கணக்கு இல்லாவிட்டால் 0, 0.5, 0.8 என மூன்று மதிப்புகளுக்கும் ஓட்டிப் பார்த்து மூன்று விடைகளையும் அறிக்கையில் போடுங்கள். அது நேர்மையானது.

அடுத்தது விற்பனை அளவு. தேவை சராசரியாக 1,000 டன், விலக்கம் 150 டன், ஆலையின் திறனும் 1,000 டன் என்று கொள்வோம். பலர் எழுதும் சூத்திரத்தில் ஆலை 1,150 டன்னும் விற்கும், 1,300 டன்னும் விற்கும். எந்திரத்தால் முடியாததைக் காகிதம் செய்துவிடுகிறது. தேவை கூடினாலும் விற்பனை 1,000-த்தில் நிற்கும், குறைந்தாலோ முழுதாகக் குறையும்.

```
C6: =MIN(1000,MAX(0,NORM.INV(RAND(),1000,150)))
C7: =C5*C6/100-40
```

இந்த MIN ஒன்றைச் சேர்த்ததும் சராசரி விற்பனை 1,000-லிருந்து 940 டன்னாக இறங்குகிறது. ஆண்டுக்கு 9 லட்சம், ஐந்து ஆண்டுகளின் நிகழ்கால மதிப்பில் 32 லட்சம் குறைகிறது. 46.5 லட்சமாக இருந்த நிகர நிகழ்கால மதிப்பின் சராசரி சுமார் 14 லட்சமாகிவிடுகிறது. சராசரித் தேவையை ஒற்றை எண்ணாகப் போட்டுக் கணக்கிட்டவருக்கு இந்த இழப்பு கண்ணிலேயே படாது. C7-இல் விடை லட்சத்தில் வரும். C6, C7 இரண்டையும் G வரை இழுத்துவிட்டு, கடைசியில் `=-350+NPV(12%,C7:G7)` என்று எழுதுங்கள். எக்செலின் NPV முதல் கட்டத்தையே ஓர் ஆண்டு தள்ளிக் கழிப்பதால் முதலீட்டை அடைப்புக்குள் போடக் கூடாது.

விற்பனை அளவும் மிச்சமும் ஒன்றையொன்று தொடாதவை என்றும் கொள்ள வேண்டாம். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது சில வீடுகள் பாமாயிலுக்கும் சூரியகாந்திக்கும் போய்விடுகின்றன. காய் குறைந்து மிச்சம் சுருங்கும் ஆண்டும் பெரும்பாலும் அதுவே. இரண்டு அடிகளும் ஒரே ஆண்டில் விழும். இரண்டு வரிசைகளுக்கும் பொதுவான ஒரு சமவாய்ப்பு எண்ணைப் பங்கிட்டால் இது கணக்குக்குள் வந்துவிடும்.

கடைசியாக, தள்ளுபடி வீதம். 12% என்பதில் தொழிலின் ஆபத்துக்கான ஈடு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அந்த வீதத்தில் கழித்து, பிறகு வரைபடம் அகலமாக இருக்கிறது என்று 15%-க்கு ஏற்றுபவர் ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை தண்டம் கட்டுகிறார். ஆபத்தற்ற வீதத்தில் கழிப்பதும் உண்டு. 7%-இல் கழித்தால் நம் திட்டத்தின் அடிப்படை மதிப்பு 1.01 கோடியாகத் தெரியும். ஆனால் அந்த வரைபடத்தின் சராசரியைத் திட்டத்தின் மதிப்பு என்று படிக்கக் கூடாது, ஆபத்துக்கான ஈடு அதில் கழிக்கப்படவில்லை. திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்பதற்கு 12%-இல் கழித்த சராசரியைப் பார்ப்பதே என் பரிந்துரை.

அகலத்தை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தலாம்: வங்கித் தவணை கட்ட முடியுமா? ஆண்டுத் தவணை 80 லட்சம் என்று வைப்போம். விற்பனை 1,000 டன்னிலேயே நின்றாலும், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் கைக்கு வரும் பணம் அதற்குக் கீழே போகும் வாய்ப்பு சுமார் 23%. ஓர் ஆண்டைச் சமாளித்துவிடலாம், அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள்தான் ஆலையை மூடவைக்கும். தொடர்பற்ற கணக்கில் முதல் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து கவிழும் வாய்ப்பு 5%. 0.7 ஒட்டுறவுடன் அது 13%. கடன் காலத்தை நீட்டித் தவணையை 65 லட்சமாக்கினால், ஓர் ஆண்டு குறைவுபடும் வாய்ப்பே 13%-க்கு இறங்கிவிடும். வங்கி மேலாளரிடம் எடுத்துச்செல்ல வேண்டிய பக்கம் இது. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அதைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.