பெட்டியை நகர்த்தினால் அம்பும் கூடவே வரவேண்டும்: பவர்பாயிண்டில் ஃப்ளோசார்ட்

தெரிந்தவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் காட்ட, ஆர்டர் வாங்குவதிலிருந்து ஒப்படைப்பது வரை ஒரு படம் வேண்டும் என்றார். பவர்பாயிண்டில் பெட்டிகள் போட்டு, நடுநடுவே அம்பு வரைந்து அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, "நடுவில் ஒரு வேலை விட்டுப்போச்சு, சேர்த்துடுங்க" என்றார். பெட்டிகளைக் கீழே இறக்கினேன். அம்புகள் எல்லாம் பழைய இடத்திலேயே அந்தரத்தில் தொங்கின. ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டவைக்க முதலில் வரைந்ததைவிட அதிக நேரம் ஆனது.

அந்தப் படத்தையே இந்த முறை ஒழுங்காக வரைந்து பார்ப்போம். விண்டோஸ் கணினியில் உள்ள பவர்பாயிண்டை வைத்துச் சொல்கிறேன். பதிப்பைப் பொறுத்து மெனு பெயர்கள் கொஞ்சம் மாறலாம்.

முதலில் தாளில்

கடையில் வேலை நடக்கும் வரிசை இது: ஆர்டர் வாங்குவது, வாசகம் தட்டச்சு செய்வது, அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரியான ப்ரூஃபை அனுப்புவது, வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்கிறாரா என்று கேட்பது, அச்சடிப்பது, ஒப்படைப்பது. சரி இல்லை என்றால் திருத்திவிட்டு மறுபடியும் ப்ரூஃப் அனுப்ப வேண்டும். ஆக, நேர் வரிசையில் ஆறு, பக்கத்தில் ஒன்று.

ஸ்லைடு அகலமாக இருக்கிறதே என்று இடமிருந்து வலமாக அடுக்கத்தான் கை போகும். தமிழில் அப்படிச் செய்தால் சிக்கல். நம் சொற்கள் நீளமானவை. ஆறு பெட்டியை ஒரே வரிசையில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒடுங்கிப்போய், "வாடிக்கையாளர்" என்ற சொல் நடுவில் உடைந்து இரண்டு வரியாகும். மேலிருந்து கீழாக அடுக்கினால் பெட்டியை வேண்டிய அளவு அகலமாக வைத்துக்கொள்ளலாம். வழக்கமான அகல ஸ்லைடின் உயரம் 19.05 செ.மீ. மேலும் கீழும் ஒரு செ.மீ. விட்டால் 17 செ.மீ. மிச்சம். ஆறு வடிவங்களுக்கு அது போதும்.

Home தாவலில் Layout போய் Blank தேர்ந்தெடுத்து, வெறும் ஸ்லைடாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டி, ஐந்து நகல்

Insert > Shapes போய், Flowchart பகுதியில் Flowchart: Process என்ற செவ்வகத்தை எடுத்து ஸ்லைடின் மேல்பக்கம் வரையுங்கள். அது தேர்வில் இருக்கும்போதே Shape Format தாவலின் வலது ஓரத்தில் உயரம் 1.8 cm, அகலம் 7 cm என்று அடியுங்கள். உங்கள் கணினி அங்குலத்தில் காட்டினாலும் cm என்று சேர்த்து அடித்தால் எடுத்துக்கொள்ளும்.

நிறம், கோடு, எழுத்துரு எல்லாவற்றையும் இந்த ஒரு பெட்டியிலேயே முடித்துவிடுங்கள். வெளிர் நிறத்தில் நிரப்பி, கறுப்பு எழுத்தில், Nirmala UI எழுத்துருவில் 18 அளவு வைத்தேன். 16-க்குக் கீழே போனால் சுவரில் ஒட்டும்போது படிக்க முடியாது.

இன்னொன்று. எழுத்தைப் பெட்டிக்குள்ளேயே அடியுங்கள். பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு நேராகத் தட்டச்சு செய்தாலே உள்ளே விழும். பெட்டிக்கு மேலே தனியாக ஒரு Text Box வைத்து எழுதினால், பெட்டியை நகர்த்தும்போது எழுத்து பின்தங்கிவிடும். மற்றவர்கள் அனுப்பும் கோப்புகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்.

இப்போது பெட்டியைத் தேர்ந்தெடுத்து Ctrl+D. நகல் கொஞ்சம் தள்ளி விழும். அதை இழுத்து, முதல் பெட்டிக்கு நேர் கீழே சுமார் ஒரு செ.மீ. இடைவெளியில் வையுங்கள். தேர்வை விடாமல் மறுபடியும் Ctrl+D அடியுங்கள். அடுத்த நகல் அதே இடைவெளியில் தானாகவே கீழே போய் உட்காரும். இன்னும் மூன்று முறை அடித்தால் ஆறு ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் வாசகத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாய்சதுரத்தில் ஏமாறாதீர்கள்

கேள்வி வரும் நான்காவது பெட்டி சாய்சதுரமாக இருக்க வேண்டும். அதை அழித்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டாம். தேர்ந்தெடுத்து, Shape Format > Edit Shape > Change Shape போய் Flowchart: Decision கொடுங்கள். எழுத்தும் நிறமும் அப்படியே இருக்கும், வடிவம் மட்டும் மாறும். இதே வழியில் முதலாவதையும் கடைசியையும் Flowchart: Terminator ஆக்குங்கள். தொடக்கமும் முடிவும் ஓரம் உருண்ட வடிவில் இருப்பது வழக்கம்.

சாய்சதுரம் வெளியே பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் எழுத்துக்கு அது தரும் இடம் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. 7 செ.மீ. அகலமுள்ள சாய்சதுரத்தில் எழுத்துக்குக் கிடைப்பது 3.5 செ.மீ. அதிலும் ஓரத்துக்கு விடும் இடம் போக மூன்றுதான் மிஞ்சும். "வாடிக்கையாளர் ப்ரூஃபைப் பார்த்துச் சம்மதித்தாரா?" என்று எழுதினால் நாலு பக்கமும் வழியும். எழுத்தைச் சின்னதாக்குவதைவிடக் கேள்வியைச் சுருக்குவது நல்லது. மேலே "ப்ரூஃப் அனுப்பு" என்று இருப்பதால் இங்கே "சம்மதமா?" என்றால் போதும். அளவை மட்டும் உயரம் 3 செ.மீ., அகலம் 8 செ.மீ. என்று கூட்டுங்கள்.

கூட்டியதும் அது கீழே உள்ள பெட்டியின்மேல் ஏறிக்கொள்ளும். கவலைப்பட வேண்டாம். கடைசிப் பெட்டியைப் பிடித்து ஸ்லைடின் அடிக்குக் கொஞ்சம் மேலே வரை இறக்கிவிட்டு, ஆறையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். Shape Format > Align பட்டியலில் Align Selected Objects என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, Align Center, அப்புறம் Distribute Vertically. நடுக்கோடு ஒன்றாகும், இடைவெளிகள் சமமாகும்.

ஏழாவதாக ஒரு செவ்வகம், "திருத்து". சாய்சதுரத்தின் வலப்பக்கம், ஐந்தாறு செ.மீ. தள்ளி வையுங்கள். இதைச் சாய்சதுரத்தோடு மட்டம் பார்க்க Align Middle கொடுக்காதீர்கள். அது இரண்டையுமே கொஞ்சம் நகர்த்திவிடக்கூடும், அப்புறம் நீங்கள் சமன்செய்த வரிசை கெடும். "திருத்து" பெட்டியை மட்டும் இழுங்கள். நடுக்கோடுகள் நேராகும்போது ஒரு புள்ளிக்கோடு தோன்றும். அங்கே விடுங்கள்.

அம்பு ஒட்டியதா, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறதா

Shapes பட்டியலில் அம்புகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. Block Arrows பகுதியில் இருப்பவை தடித்த அம்பு வடிவங்கள். அவை பெட்டியோடு ஒட்டாது. நமக்கு வேண்டியது Lines பகுதியில் உள்ளவை. அவைதான் கனெக்டர்கள், அதாவது இரண்டு வடிவங்களைப் பிடித்துக்கொள்ளும் கோடுகள்.

அங்கே நேர் அம்பின்மேல் வலது கிளிக் செய்து Lock Drawing Mode கொடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மெனுவுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. முதல் பெட்டியின்மேல் சுட்டியைக் கொண்டுபோனதும் நான்கு பக்கமும் ஒவ்வொரு புள்ளி தெரியும். கீழ்ப்புள்ளியில் அழுத்தி, அடுத்த பெட்டியின் மேற்புள்ளி வரை இழுத்து விடுங்கள். வேலை நடக்கும் திசையிலேயே இழுங்கள். அம்புமுனை கடைசியில்தான் வரும். ஐந்து கோடுகள் முடிந்ததும், சாய்சதுரத்தின் வலப்புள்ளியிலிருந்து "திருத்து" பெட்டியின் இடப்புள்ளிக்கு இன்னொன்று. Esc அடித்து வெளியே வாருங்கள்.

திரும்பிப் போகும் கோட்டுக்கு Connector: Elbow Arrow எடுங்கள். "திருத்து" பெட்டியின் மேற்புள்ளியில் தொடங்கி, "ப்ரூஃப் அனுப்பு" பெட்டியின் வலப்புள்ளியில் முடியுங்கள். ஒரே ஒரு மடிப்போடு மேலேறி இடப்பக்கம் திரும்பும். எந்தப் பெட்டியையும் வெட்டாது.

இனி சோதனை. ஒரு கோட்டைக் கிளிக் செய்து இரண்டு முனைகளையும் பாருங்கள். பச்சை வட்டம் என்றால் ஒட்டியிருக்கிறது. வெள்ளை என்றால் பக்கத்தில் சும்மா நிற்கிறது, கண்ணுக்கு எவ்வளவு கச்சிதமாகத் தொட்டாலும் சரி. வெள்ளை முனையை இழுத்துப் புள்ளியின்மேல் போட்டால் பச்சையாகிவிடும். கண்ணை நம்பாதவர்கள் ஒரு பெட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு Ctrl+Z கொடுக்கலாம். நான் இரண்டும் செய்வேன்.

நேர் கோடு ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தால் கோட்டின்மேல் தப்பில்லை. அதன் இரு பக்கப் பெட்டிகளின் நடு ஒத்துப்போகவில்லை. கோட்டை நிமிர்த்த முயலாதீர்கள், பெட்டியைச் சரிசெய்யுங்கள்.

ஆம், இல்லை

பவர்பாயிண்டில் கனெக்டருக்குள் எழுத்து போட முடியாது. "ஆம்", "இல்லை" இரண்டையும் தனி Text Box ஆகத்தான் வைக்க வேண்டும். அவை மட்டும் தானாக நகராது. அதனால் கோட்டின் நடுவில் வைக்காமல், சாய்சதுரத்தின் முனையை ஒட்டி வையுங்கள்: "ஆம்" கீழ்முனைக்கு வலப்பக்கம், "இல்லை" வலமுனைக்கு மேலே. மற்ற பெட்டிகள் எங்கே போனாலும் இவை இடம் மாற வேண்டியதில்லை. சாய்சதுரத்தையே நகர்த்தும்போது மட்டும் Shift பிடித்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் Group செய்துவிடலாமே என்று தோன்றும். செய்தால் Distribute Vertically கொடுக்கும்போது அந்தத் தொகுப்பை ஒரே பொருளாகக் கணக்கெடுக்கும், இடைவெளி பிசகும்.

"நடுவில் ஒரு வேலை விட்டுப்போச்சு"

கடைக்காரர் கேட்டது இது: வாடிக்கையாளர் சம்மதித்த பிறகு, அச்சடிப்பதற்கு முன்னால், முன்பணம் வாங்க வேண்டும். "அச்சடி" பெட்டியைத் தேர்ந்தெடுத்து Ctrl+D. நகலில் "முன்பணம் வாங்கு" என்று மாற்றி, இடையில் தோராயமாக வைத்தேன். சாய்சதுரத்திலிருந்து "அச்சடி"க்குப் போகும் கோட்டின் அம்புமுனையைப் பிடித்துப் புதுப் பெட்டியின் மேற்புள்ளியில் போட்டேன். புதுப் பெட்டியிலிருந்து "அச்சடி"க்கு ஒரு புதுக் கோடு.

இடம் இப்போது நெருக்கடி. வரிசையில் சாய்சதுரம் தவிர்த்த ஆறு பெட்டிகளின் உயரத்தையும் ஒரேயடியாக 1.5 cm ஆக்கினேன். ஆறும் சேர்ந்து 9, சாய்சதுரம் 3, ஆக 12. மீதி 5 செ.மீ. ஆறு இடைவெளிகளுக்குப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அம்பு தெரிய அது போதும். மறுபடியும் Align Center, Distribute Vertically. எல்லா அம்பும் பெட்டிகளோடு சேர்ந்து நகர்ந்தது. கையால் சரிசெய்தது "திருத்து" பெட்டியின் மட்டத்தையும், "ஆம்", "இல்லை" இரண்டையும்தான். இரண்டு நிமிட வேலை.

அவருக்கு இதை வேர்டில் ஒட்டித் தர வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வேர்டில் Paste Special வழியாகப் படமாக ஒட்டினேன். மூலம் பவர்பாயிண்ட் கோப்பிலேயே இருக்கிறது. அடுத்த மாற்றம் வந்தால் அங்கேதான் செய்வேன்.