மஞ்சள் கட்டில், நீலச் சுவர்: ஓவிய ரசனைக் கட்டுரையில் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

முகப்பேரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை காலையில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டி, “மிஸ், திங்கட்கிழமை சப்மிட் பண்ணணும், ஒரு தடவை பாருங்க” என்றாள். வின்சென்ட் வான்கோவின் ‘படுக்கையறை’. பள்ளியில் அனுப்பிய படத்தை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தாள். முதல் வரியே இப்படி: “காதை அறுத்துக்கொண்ட சோகத்தில் வான்கோ வரைந்த படம் இது.”

இந்த ஒரு கட்டுரையிலேயே நான் வருடா வருடம் பார்க்கும் தவறுகள் எல்லாம் இருந்தன. முதல் வரியில் இருந்தே தொடங்கலாம். வான்கோ இந்தப் படத்தை பிரான்சின் ஆர்ல் ஊரில் வரைந்தது 1888 அக்டோபரில். காது சம்பவம் நடந்தது அந்த டிசம்பர் 23-ஆம் தேதி. படம் வரைந்தபோது அவர் நண்பர் கோகனின் வருகைக்காக வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். பின்னால் நடந்ததை முன்னால் வரைந்த படத்தில் ஏற்றிவிட்டால், அப்புறம் படத்தைப் பார்க்கவே தோன்றாது. நாற்காலி காலியாக இருக்கிறதா, உடனே தனிமை. சுவர் நீலமா, உடனே துக்கம். அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். இந்தப் படத்தைப் பார்ப்பவரின் மூளை ஓய்வு கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதே கடிதத்தில் நிறங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள், போர்வை பளீர் சிவப்பு, ஜன்னல் பச்சை.

“ஊதாவா? நீலம்தானே மிஸ் இருக்கு” என்றாள்.

நியாயமான கேள்வி. ஊதா வருவதற்காக நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம் காலப்போக்கில் வெளுத்துவிட்டது. நீலம் மட்டும் தங்கிவிட்டது. அதனால் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இன்று தொங்கும் மூலப் படத்திலேயே சுவர் நீலம்தான். “நீலம் துக்கத்தின் நிறம், ஆகவே துக்கம்” என்று எழுதுபவர் வான்கோ பூசாத நிறத்துக்கு அவரிடமே காரணம் கேட்கிறார். வண்ணச் சக்கரத்தில் மஞ்சளுக்கு எதிரே இருப்பது ஊதா. மஞ்சள் கட்டிலுக்கு ஊதாச் சுவர், சிவப்புப் போர்வைக்குப் பச்சை ஜன்னல் என்று எதிர்நிறங்களை ஜோடி ஜோடியாக அவர் வைத்தார். அதில் முதல் ஜோடி இன்று பாதி அழிந்திருக்கிறது.

மூலத்தின் நிலையே இதுவென்றால், கையில் இருக்கும் படத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இவளுடைய பிரிண்டில் மஞ்சள் பச்சையடித்து, போர்வை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கடைக்காரரின் மை தீரும் நேரம் போலிருக்கிறது. இரவில் போன் திரை தானாக மஞ்சளுக்கு மாறிவிடும்; அதில் பார்த்து “படம் முழுக்க இதமான தங்க ஒளி” என்று எழுதி வந்த பையனும் உண்டு. கண்ணாடி போட்ட ஓவியத்தைப் போனில் எடுத்து, கண்ணாடியில் விழுந்த டியூப் லைட்டை “மேலிருந்து இறங்கும் வெள்ளொளி” என்று வருணித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் நிறத்தைத் தைரியமாக எழுதலாம்.

இந்த ஓவியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வான்கோ இதை மூன்று முறை வரைந்தார். 1888-இல் வரைந்தது ஆம்ஸ்டர்டாமில், 1889-இல் வரைந்த மற்ற இரண்டும் சிகாகோவிலும் பாரிசிலும். கட்டிலுக்கு மேலே வலது சுவரில் தொங்கும் இரண்டு உருவப் படங்களைப் பாருங்கள். முதல் படத்தில் அவை நண்பர்கள் போக், மிலியே ஆகியோருடையவை; பிந்தையவற்றில் முகங்கள் வேறு. இவள் எழுதியிருந்த வருடம் 1888, ஒட்டியிருந்தது சிகாகோ படம்.

அமைப்பு என்ற தலைப்பின் கீழ் அவள் எழுதியது: “படத்தில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள், மேசை, ஜன்னல், துண்டு உள்ளன.” இது வீட்டுச் சாமான் பட்டியல். எது எங்கே, எவ்வளவு இடம் பிடிக்கிறது, நம் கண்ணை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் அமைப்பு. நோட்டை மூடச் சொல்லி, படத்தின் மேல் விரலை வைத்து, கண் போகும் வழியில் நகர்த்தச் சொன்னேன். விரல் வலது கீழ்மூலையில் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் தொடங்கியது. சிவப்புப் போர்வை வழியாகத் தலையணைக்குப் போனது. அங்கிருந்து இடப்பக்கம் ஜன்னலுக்குத் தாவியது. நாற்காலி, கதவு என்று இறங்கித் தரைக் கோடுகளில் மறுபடி உள்ளே நுழைந்தது. “இப்ப விரல் போனதை அப்படியே எழுதும்மா” என்றேன். ஆறு வாக்கியம் வந்தது.

விரல் வைக்கும் முன் ஒரு சின்னச் சரிபார்ப்பு. ஆம்ஸ்டர்டாம் படம் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் உயரம், 91 சென்டிமீட்டர் அகலம். உங்கள் பிரிண்ட் டிவி திரை போல நீண்டு இருந்தால் மேலும் கீழும் யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய படத்தில் தரை சுருங்கிவிடும். அதை வைத்து அமைப்பு பேச முடியாது.

அவள் மாட்டிக்கொண்ட இடம் உணர்வு. “ஓய்வுன்னு அவரே சொன்னா அதையே எழுதிடட்டுமா?” என்றாள். அதுவும் தவறுதான். கடிதம் சொல்வதை எழுதிவிட்டால் அவள் கண் என்ன சொன்னது என்பது விட்டுப்போகும். உண்மையில் இந்த அறை பலருக்கு ஓய்வாகத் தோன்றுவதில்லை. கட்டில் நம் மேல் சரிந்து வருவது போலிருக்கிறது, பின்சுவர் கோணலாக நிற்கிறது. (அந்த அறையே கோணலான அறைதான், வரையத் தெரியாமல் வந்ததல்ல.) நிழலே கிடையாது. ஜப்பானிய அச்சுப் படங்களைப் போல நிறத்தைத் தட்டையாகப் பூசியதாக அவரே சொல்கிறார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொரு உணர்வுச் சொல்லுக்குப் பின்னும் “ஏனென்றால்” போட்டு, படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளை எழுது. காட்ட முடியாவிட்டால் சொல்லை அடித்துவிடு. ‘தனிமை’ அடிபட்டது. நாற்காலி இரண்டு, தலையணை இரண்டு, கதவு இரண்டு என்று எல்லாம் ஜோடியாக இருப்பதை எண்ணிய பிறகு அவளாகவே அடித்தாள். கடைசியில் நின்ற பத்தி இது:

“வான்கோ ஓய்வைக் காட்ட நினைத்தார். அகலமான மஞ்சள் கட்டிலும் ஜோடித் தலையணைகளும் எனக்கும் அமைதியைத் தருகின்றன, ஏனென்றால் யாரோ வந்து படுப்பதற்காகக் காத்திருப்பது போல் உள்ளன. ஆனால் தரைக் கோடுகள் சரிவாக ஓடுவதால் அறை கொஞ்சம் அசைவது போலவும் தோன்றுகிறது.”

கிளம்பும்போது படியில் நின்று, “சுவர் ஊதான்னு எழுதினா மார்க் குறைப்பாங்களா மிஸ்?” என்றாள். “இன்று நீலமாகத் தெரியும் சுவர், வரைந்தபோது வெளிர் ஊதா” என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொன்னேன். அப்புறம் ஆம்ஸ்டர்டாம் படத்தை வேறு கடையில் பிரிண்ட் எடுக்கப் போனாள்.