டேட்டிங் செயலியில் பிளாக், ரிப்போர்ட் பொத்தான்களை அமைப்பது எப்படி?

கதவைச் சாத்துவதற்கு யாரும் காரணம் கேட்க முடியாது. பிராது கொடுத்தால் காரணம் கேட்டே ஆகவேண்டும். டேட்டிங் செயலியில் பிளாக் என்பது கதவைச் சாத்துவது, ரிப்போர்ட் என்பது பிராது. என் முதல் செயலியில் இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்தேன். பிளாக் செய்ய வந்தவர்களுக்குக் காரணம் சொல்லாமல் வழி இல்லை. பட்டியலில் முதலில் இருந்த ‘தொல்லை’யை அழுத்திவிட்டுப் போனார்கள். பேச்சு சலித்துப்போன ஆட்கள்கூடக் குற்றம் சாட்டப்பட்டவர்களாகக் கணக்கில் ஏறினார்கள். அந்தப் பொய்ப் புகார்களை உண்டாக்கியது என் படிவம்தான்.

படி 1: பிளாக்கைத் தனியாகப் பிரியுங்கள்

ஒரே தட்டலில் முடியட்டும், காரணம் கேட்காதீர்கள். இருவருமே ஒருவர் கண்ணில் மற்றவர் படக்கூடாது. பிளாக் ஆனவருக்கு அறிவிப்பு போகக்கூடாது. எதிரில் இருப்பவர் கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தால் திரை எப்படித் தெரியுமோ அப்படியே தெரியட்டும். அதே தொலைபேசி எண்ணில் புதுக் கணக்கு திறந்து வந்தாலும் பிளாக் தொடர வேண்டும். முக்கியமாக, பிளாக்கின் எண்ணிக்கையை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள்.

படி 2: சாட்சியம் மறையாமல் பாருங்கள்

2020இல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி ஒலிபரப்பு நிறுவனம் டிண்டரைப் பற்றி ஓர் ஓட்டையை வெளிக்கொண்டுவந்தது. அப்போது தப்பு செய்தவர் ‘அன்மேட்ச்’ கொடுத்ததும் பாதிக்கப்பட்டவரின் திரையிலிருந்து சாட் முழுவதும் மறைந்துவிட்டது. யார் மேல் புகார் செய்வதோ அந்த ஆளும் திரையில் இல்லை, ஆதாரமும் இல்லை.

ஆகவே அன்மேட்ச், பிளாக், கணக்கு நீக்கம் எதுவாக இருந்தாலும் சர்வரில் சாட்டின் பிரதி சில காலம் இருக்கட்டும். நான் 90 நாள் வைப்பேன். ‘பழைய மேட்சுகள்’ என்றொரு பட்டியலிலிருந்து அதுவரை புகார் கொடுக்கலாம். எத்தனை நாள் வைக்கிறீர்கள் என்பதைத் தனியுரிமைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

படி 3: படிவத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், போலியாகச் செய்வது அரை நிமிட வேலை. சாட்டிலிருந்தே அந்தச் செய்திகளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்ப்பது சர்வரில் உள்ள அசல். முன்னும் பின்னும் சில செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டி ஒட்டிய பிராது தெரிந்துவிடும்.

நேரில் சந்தித்தபோது நடந்ததற்குச் சாட்டில் ஆதாரம் இருக்காது. ‘ஆதாரம் இல்லை’ என்று இயந்திரம் அதை மூடக்கூடாது. அந்த வகை நேராக ஒரு மனிதரின் வரிசைக்குப் போகட்டும்.

படி 4: தலையை எண்ணாதீர்கள்

‘ஐந்து புகார் வந்தால் தானாகத் தடை’ என்ற விதியைப் பார்த்தாலே எனக்குப் பயம். கூட்டம் சேர்ந்து ஒருவரைத் துரத்த அதைவிட எளிய கருவி இல்லை. ஒரு தவறும் செய்யாமல், தங்களைப் பிடிக்காதவர்கள் புகார் செய்தே கணக்கு பறிபோனதாகத் திருநங்கைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எண்ணத்தான் வேண்டும் என்றால், சுயேச்சையாக வந்த புகாரை மட்டும் எண்ணுங்கள்:

```python
def independent(r, seen_devices):
    return r.had_chat and r.device_id not in seen_devices
```

ஒரு உதாரணம். சனிக்கிழமை இரவு 40 நிமிடத்தில் ஒருவர் மேல் நான்கு புகார், எல்லாமே ‘மிரட்டல்’. மூன்று கணக்குகள் அதே வாரம் திறந்தவை, அவருடன் சாட்டே இல்லை, மூன்றும் ஒரே போனிலிருந்து. ஜோடிப்பு என்று நான்கையும் சேர்த்துத் தள்ளத் தோன்றும். ஆனால் நான்காவதைத் திறந்தால், பன்னிரண்டாம் செய்தியில் “உன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும்” என்று இருக்கிறது.

அந்த ஒன்று போதும். மூன்றும் முடிவில் சேரக்கூடாது; நான்காவதை மறைக்கவும் கூடாது. கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி, மனிதர் ஒருவர் படிக்கட்டும். மேலே கோடில் உள்ள விதி தடைக்கானது இல்லை, யார் முதலில் படிக்கப்பட வேண்டும் என்பதற்கு. சாட் இல்லாமல் வந்தாலும், தன் படத்தை வைத்துப் போலிக் கணக்கு திறந்திருக்கிறார்கள் என்ற புகார் வேறு வரிசை. செயலியில் கணக்கே இல்லாதவரும் அதைக் கொடுக்க வழி வேண்டும்.

படி 5: இரண்டு பக்கமும் பதில் சொல்லுங்கள்

நடவடிக்கைக்கு உள்ளானவருக்கு எந்த விதி, எந்த வகை என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்பதைச் சொல்லாதீர்கள். புகார் வந்த பத்தாவது நிமிடம் அறிவிப்பு போனால் பெயரைச் சொன்ன மாதிரிதான்! அவசரம் இல்லாதபோது சில நாள் தள்ளி அனுப்புங்கள். மேல்முறையீட்டை முதலில் முடிவெடுத்தவர் படிக்கக்கூடாது.

நிரூபிக்க முடியாத புகாரும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல. முதலாவதற்குத் தண்டித்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவும், ஆதாரமற்றவை என்று பார்த்ததுமே தெரிகிற புகார்களை அடிக்கடி கொடுப்பவர்களின் புகார்களைத்தான், அதுவும் முன்னெச்சரிக்கை கொடுத்த பிறகு, சில காலம் நிறுத்திவைக்கச் சொல்கிறது. அந்த ஒரே போனின் மூன்று கணக்குகளுக்கு முதலில் போக வேண்டியது அந்த எச்சரிக்கைதான்.